ஒயரை வெட்டினால் கரன்ட் ஏன் கொட்டவில்லை? தண்ணீர் உவமை எதுவரை வரும்?

நித்திலம் | ஜூன் 4, இரவு 9:10

ஏழாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு மின்சுற்று சொல்லிக்கொடுத்தேன். எல்லோரும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன். மேலே தண்ணீர்த் தொட்டி, கீழே குழாய். தொட்டியின் உயரம்தான் வோல்டேஜ், குழாயில் ஓடும் தண்ணீர்தான் கரன்ட், குழாய் குறுகலாக இருந்தால் அது மின்தடை. அவளுக்கு உடனே பிடிபட்டுவிட்டது. எனக்கும் மகிழ்ச்சி.

அப்புறம் கேட்டாள்: "குழாயை நடுவில் வெட்டினால் தண்ணீர் கொட்டும். ஒயரை வெட்டினால் கரன்ட் ஏன் கொட்டவில்லை? ஓட்டமே நின்றுவிடுகிறதே?" யோசிப்பதற்குள் அடுத்தது: "குழாயைத் திறந்தால்தான் தண்ணீர் வரும். புத்தகத்தில் 'திறந்த சுற்று' என்றால் கரன்ட் வராது என்று போட்டிருக்கிறது. ஏன் தலைகீழாக இருக்கிறது?"

என்னிடம் பதில் இல்லை. உவமையே தவறா? அல்லது ஒரு இடம்வரை சரி, அதற்குமேல் இல்லையா? அப்படியானால் அந்த இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? முன்கூட்டியே தெரிந்தால் அவளிடம் சொல்லிவிடலாம்.

வேகமானி | ஜூன் 4, இரவு 9:52

தொட்டி உவமையே தவறுங்க. தொட்டி காலியாகும், சுற்று காலியாகாது. எலக்ட்ரான் ஒளியின் வேகத்தில் பாய்கிறது, தண்ணீர் எங்கே, அது எங்கே. பல்பு கரன்ட்டை எடுத்துக்கொள்கிறது, மிச்சம் பேட்டரிக்குத் திரும்புகிறது. குழந்தையிடம் உவமை இல்லாமல் இதை நேராகவே சொல்லிவிடுங்கள்.

ஆய்வகத்தார் | ஜூன் 4, இரவு 11:30

வேகமானி தம்பி சொன்ன முதல் வரி சரி, அடுத்த இரண்டும் சரியில்லை. அவற்றுக்குப் பிறகு வருகிறேன். முதலில் குழந்தையின் கேள்வி.

முப்பது ஆண்டுகள் இயற்பியல் ஆய்வகத்தில் இருந்தவன் நான். இந்தக் கேள்வியைப் பலமுறை கேட்டிருக்கிறேன். தொட்டியும் திறந்த குழாயும் சுற்றுக்குப் பொருத்தமான படம் இல்லை. தண்ணீர் நிரம்பிய, இரண்டு முனையும் சேர்ந்த ஒரு வளையக் குழாயை நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நடுவில் ஒரு பம்பு. பம்பு தண்ணீரை உண்டாக்குவதில்லை, ஏற்கெனவே குழாயில் இருக்கும் தண்ணீரைத் தள்ளுகிறது. பேட்டரியும் அப்படித்தான். எலக்ட்ரான்கள் செம்பிலேயே இருக்கின்றன.

வெட்டினால் ஏன் கொட்டவில்லை? தண்ணீருக்குக் காற்று திறந்த வெளி. எலக்ட்ரானுக்குக் காற்று கிட்டத்தட்டக் கற்சுவர். ஆகவே குழாயை வெளியில் தொங்குவதாக நினைக்காமல், கெட்டிப் பாறைக்குள் குடைந்த சுரங்கமாக நினைக்க வேண்டும். ஒயரை வெட்டுவது என்றால் அந்தச் சுரங்கத்தின் நடுவில் ஒரு துண்டைப் பாறையால் அடைப்பது. கொட்ட இடமில்லை, ஓட்டம் நிற்கிறது. சுவிட்சைத் 'திறப்பது' என்றால் நடுவில் பாறையை வைப்பது. சொல்தான் தலைகீழ், நடப்பது ஒன்றுதான்.

நித்திலம் | ஜூன் 5, காலை 7:15

பாறைச் சுரங்கம் அவளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. காலையில் பல் துலக்கும்போதே, "அப்போ மின்னல் என்றால் பாறை உடைவதா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். சரிதானே?

ஆய்வகத்தார் | ஜூன் 5, காலை 8:02

மிகச் சரி. அழுத்தம் அளவுக்கு மீறினால் காற்றும் உடைந்து வழிவிடும். அந்த மகளை எனக்கு இப்போதே பிடித்துவிட்டது.

மோட்டார்காரர் | ஜூன் 5, பகல் 1:20

இதே பிரச்சினைதான் எனக்கும். மீட்டர் பெட்டியிலிருந்து மோட்டார் 50 மீட்டர் தள்ளி இருக்கிறது. ஒயர் 1.5 ஸ்கொயர். மோட்டார் ஓடும்போது முக்குகிறது, சூடாகிறது. குழாயில் தண்ணீர் அழுத்தம் குறைகிற மாதிரி கரன்ட் குறைகிறதா? என்ன செய்யலாம்?

ஆய்வகத்தார் | ஜூன் 5, மாலை 6:45

மோட்டார்காரர் வேறு கேள்வி கேட்டிருந்தாலும் நம் பேச்சுக்குப் பொருத்தமாகவே இருக்கிறது. உவமை இங்கே நன்றாக வேலை செய்கிறது. நீளமான மெல்லிய குழாயின் கடைசி முனையில் அழுத்தம் குறைந்துபோவது போல, நீளமான மெல்லிய ஒயரின் முனையில் வோல்டேஜ் குறைகிறது. போக 50, வர 50, மொத்தம் 100 மீட்டர் செம்பு. 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் அதன் தடை சுமார் 1.15 ஓம். மோட்டார் 10 ஆம்பியர் இழுத்தால் ஒயரிலேயே 11 வோல்ட்டுக்குமேல் போய்விடும். கிளம்பும்போது பல மடங்கு ஆம்பியர் இழுக்கும், அப்போது இன்னும் மோசம். மோட்டார் நிற்கும்போதும் ஓடும்போதும் மோட்டார் முனையிலேயே வோல்டேஜ் பார்க்கச் சொல்லுங்கள். வித்தியாசம் தெரிந்துவிடும்.

வேகமானி | ஜூன் 5, இரவு 8:10

ஒயரை மாற்றுவதானால் விட்டம் இரண்டு மடங்கு இருந்தால் போதும். குழாயில் விட்டம் இரட்டித்தால் ஓட்டம் 16 மடங்கு ஆகும், பாய்மம் பாடத்தில் படித்தது. ஒயருக்கும் அதே கணக்கு வரும். அப்போது நீங்கள் சொன்ன 11 வோல்ட் இழப்பு 1 வோல்ட்டுக்குக் கீழே வந்துவிடும்.

ஆய்வகத்தார் | ஜூன் 5, இரவு 10:40

தம்பி, நித்திலம் கேட்ட இடத்தை நீங்களே தொட்டுவிட்டீர்கள். இங்கேதான் உவமை முறிகிறது. ஒயருக்கு 16 வராது, 4தான் வரும். விட்டம் இரட்டித்தால் 1.5 ஸ்கொயர் 6 ஸ்கொயர் ஆகும். இழப்பு 3 வோல்ட்டுக்குச் சற்றுக் கீழே இருக்கும், ஒன்றுக்குக் கீழே வராது.

ஏன் என்பதுதான் சுவை. குழாயில் உராய்வு சுவரில் இருக்கிறது. சுவரை ஒட்டிய தண்ணீர் கிட்டத்தட்ட நகர்வதே இல்லை, நடுவில் இருப்பது வேகமாகப் போகிறது. குழாய் அகன்றால் இடமும் கூடுகிறது, நடுத்தண்ணீர் சுவரைவிட்டு விலகி இன்னும் வேகமும் எடுக்கிறது. இரண்டும் சேர்ந்து 16 மடங்கு. செம்பில் அப்படி இல்லை. எலக்ட்ரானுக்குத் தடை சுவரில் இல்லை, உள்ளே எல்லா இடத்திலும் இருக்கிறது. அதிரும் அணுக்களும் கலப்பும் குறைகளும் உலோகம் முழுக்கப் பரவிக் கிடக்கின்றன. நடுவில் போகும் எலக்ட்ரானுக்குச் சலுகை எதுவும் கிடையாது. ஆகவே இடம் நான்கு மடங்கானால் ஓட்டமும் நான்கு மடங்குதான்.

இதைக் கையால் பார்க்கலாம். பல புரி ஒயரை உரித்துப் பாருங்கள். உள்ளே மெல்லிய கம்பிகள் பலவற்றைச் சேர்த்து முறுக்கியிருப்பார்கள். அவற்றின் மொத்தச் செம்பு ஒரு தடித்த கம்பியின் செம்புக்குச் சமமாக இருந்தால், இரண்டின் தடையும் சமம். தண்ணீர்க் குழாயில் இது நடக்காது. நான்கு மெல்லிய குழாய்கள் சேர்ந்து நான்கு மடங்குதான் தரும், அதே மொத்தக் குறுக்குப் பரப்புள்ள ஒரே குழாய் 16 மடங்கு தரும்.

நித்திலம் | ஜூன் 6, இரவு 9:30

இன்று விடுமுறை. நாங்கள் இருவரும் செய்து பார்த்துவிட்டோம். உள்விட்டம் 2 மி.மீ., 4 மி.மீ. என்று இரண்டு பிளாஸ்டிக் குழாய்கள், இரண்டும் 1 மீட்டர். நீர்மட்டம் சட்டென்று இறங்காமல் இருக்க அகலமான டப்பில் தண்ணீர். டப்பின் நீர்மட்டத்திலிருந்து குழாயின் முனை 30 செ.மீ. கீழே. மகள் கையில் கடிகாரம், என் கையில் அளவுக் குவளை.

100 மில்லி நிரம்ப மெல்லிய குழாய்க்கு 90 விநாடி, அகலக் குழாய்க்கு 12 விநாடி. மூன்று முறை பார்த்தோம், பெரிய மாற்றம் இல்லை. வகுத்தால் ஏழரை மடங்குதான் வருகிறது. 16ம் இல்லை, 4ம் இல்லை. எங்கே தவறு செய்தோம்?

ஆய்வகத்தார் | ஜூன் 6, இரவு 10:15

தவறே செய்யவில்லை. நேற்று நான் சொன்ன 16 முழுமையானதல்ல, திருத்திக்கொள்கிறேன். தண்ணீர் அமைதியாக, இழை இழையாக ஓடும்போதுதான் 16. உங்கள் அகலக் குழாயில் வேகம் கூடிச் சுழல ஆரம்பித்துவிட்டது. சுழன்றால் அழுத்தத்தின் ஒரு பகுதி சுழற்சிக்கே போய்விடும்.

இறக்கத்தை 5 செ.மீ. ஆகக் குறையுங்கள், குழாய் கிட்டத்தட்டப் படுத்திருக்கும். மெல்லிய குழாய் சொட்டுச் சொட்டாக விழும். சொட்டு முனையில் பிடித்து நிற்பதே கணக்கைக் கெடுக்கும். அதனால் முனையை நிறைந்த சிறு கிண்ணத்துக்குள் முக்கிவையுங்கள். கிண்ணத்தின் விளிம்பு டப்பின் நீர்மட்டத்துக்கு 5 செ.மீ. கீழே இருக்கட்டும். வழிவதைப் பிடித்து அளக்கவும்.

நித்திலம் | ஜூன் 7, மாலை 5:50

50 மில்லிக்கு மெல்லியது 4 நிமிடம் 25 விநாடி. அகலமானது 19 விநாடி. கிட்டத்தட்ட 14 மடங்கு!

மகள் கேட்டது: "அப்போ மெதுவா ஓடினா ஒரு விதி, வேகமா ஓடினா வேற விதி. கரன்ட்டுக்கும் அப்படியா?" டார்ச் பல்பை வைத்துச் சோதிக்கலாமா என்று யோசிக்கிறோம்.

ஆய்வகத்தார் | ஜூன் 7, இரவு 9:05

அருமையான கேள்வி. சாதாரணச் செம்புக் கம்பியில் அப்படி இல்லை. வெப்பநிலை மாறாதவரை, வோல்டேஜ் இரண்டு மடங்கானால் கரன்ட்டும் இரண்டு மடங்கு, சிறிதோ பெரிதோ. எலக்ட்ரான் சுழல் போடுவதில்லை. டார்ச் பல்பு மட்டும் வேண்டாம். அதன் இழை சூடேறச் சூடேறத் தடை பல மடங்கு கூடும், அவள் குழம்பிவிடுவாள். ஒரு சாதாரண ரெசிஸ்டர் போதும்.

அப்புறம், உவமையை விட்டுவிடாமல் சரிசெய்ய ஒரு வழி இருக்கிறது. குழாயில் மணலை இறுக்கி நிரப்புங்கள். இப்போது உராய்வு சுவரில் இல்லை, ஒவ்வொரு மணலிலும் இருக்கிறது, செம்பைப் போல. மணல் வழியே ஊறும் தண்ணீர் அழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் போகும், பரப்புக்கும் நேர்விகிதத்தில் போகும். ஹென்றி டார்சி என்ற பிரெஞ்சுப் பொறியாளர் மணல் நிரப்பிய உருளைகளில் இதை அளந்து 1856இல் வெளியிட்டார். ஓம் தன் விதியை வெளியிட்டது 1827இல். ஓம் தண்ணீரைப் பார்த்து எழுதவில்லை. 1822இல் ஃபூரியே வெப்பம் உலோகத்தில் பரவுவதற்கு எழுதிய கணக்கை முன்மாதிரியாக வைத்துக்கொண்டார். வெப்பநிலை வேறுபாட்டின் இடத்தில் மின்னழுத்தம், வெப்ப ஓட்டத்தின் இடத்தில் கரன்ட். வெப்பத்துக்கும் தடை சுவரில் இல்லை, உலோகம் முழுக்க. அந்த உவமை அவ்வளவு நன்றாகப் பொருந்தியதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

எழில் | ஜூன் 8, காலை 10:20

நான் மாணவர்கள் எப்படி நினைக்கிறார்கள் என்பதைப் படிப்பவள். இந்த இழையைப் பார்த்ததும் 1983இல் வெளியான டெட்ரே கென்ட்னர், டொனால்ட் கென்ட்னர் ஆய்வு நினைவுக்கு வந்தது. மின்சாரத்தைத் தண்ணீராக நினைத்தவர்களையும் கூட்டமாக நகரும் மனிதர்களாக நினைத்தவர்களையும் ஒப்பிட்டார்கள். தண்ணீராக நினைத்தவர்கள் பேட்டரிக் கேள்விகளில் தேறினார்கள். இரண்டு தொட்டியை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் உயரம் கூடும், பக்கத்தில் வைத்தால் கூடாது. தொடர் இணைப்பும் பக்க இணைப்பும் அப்படியே கண்ணில் தெரிகிறது. கூட்டமாக நினைத்தவர்கள் ரெசிஸ்டர் கேள்விகளில் தேறினார்கள். பக்கத்தில் இன்னொரு கதவைத் திறந்தால் கூட்டம் வேகமாக வெளியேறும், ஆகவே பக்க இணைப்பில் தடை குறைகிறது. தண்ணீராக நினைத்தவர்களில் பலர், இன்னொரு தடையைச் சேர்த்தால் இன்னும் அடைத்துக்கொள்ளும் என்றே சொன்னார்கள்.

என்னைப் பொறுத்தவரை உவமை 'எங்கே முறிகிறது' என்று மட்டும் கேட்டால் போதாது. எந்தக் கேள்விக்கு முறிகிறது என்று கேட்க வேண்டும். கூட்ட உவமையில் பேட்டரிக்கு இடமே இல்லை. மனிதர்களைத் தள்ளுவது யார்?

வேகமானி | ஜூன் 8, பகல் 12:05

சரி, 16 தவறு, ஒப்புக்கொள்கிறேன். நித்திலம் அக்கா அளந்து காட்டியதை மறுக்க முடியாது. ஆனால் நான் முதலில் சொன்ன ஒளிவேகமும், பல்பு கரன்ட்டை எடுத்துக்கொள்வதும்? ஆய்வகத்தார் சார் பிறகு வருகிறேன் என்று சொல்லி வரவே இல்லை.

ஆய்வகத்தார் | ஜூன் 8, இரவு 9:40

சொன்னபடி வருகிறேன்.

வேகம். 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 1 ஆம்பியர் ஓடினால், எலக்ட்ரான் கூட்டம் விநாடிக்குச் சுமார் 0.07 மில்லிமீட்டர்தான் நகரும். 10 மீட்டர் கடக்க ஒன்றரை நாளுக்குமேல் ஆகும். அப்படியானால் சுவிட்சைத் தட்டியதும் விளக்கு எப்படி எரிகிறது? இதற்குத் தண்ணீர் உவமை நன்றாகவே கைகொடுக்கிறது. நிரம்பிய குழாயின் ஒரு முனையைத் தள்ளினால் மறுமுனையில் உடனே வேறு தண்ணீர் வெளியே வரும். போவது தண்ணீரல்ல, தள்ளல். தண்ணீரில் அந்தத் தள்ளல் விநாடிக்குக் கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோமீட்டர். கம்பியில் ஒளியின் வேகத்தை நெருங்கும். விதம் ஒன்று, எண்தான் வேறு. நீங்கள் சொன்ன ஒளிவேகம் தள்ளலுக்கு உரியது, எலக்ட்ரானுக்கு அல்ல.

பல்பு. இதற்குச் சொல் வேண்டாம், ஒரு செல், ஒரு டார்ச் பல்பு, கரன்ட் அளக்கும் ஒரு மீட்டர் போதும். பல்புக்கு முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

நித்திலம் | ஜூன் 9, இரவு 8:25

அளந்தோம். முன்னால் 0.24, பின்னால் 0.24. மகள் மீட்டரைத் தட்டிப் பார்த்தாள், ஒயரை இடம் மாற்றி வைத்தாள், திரும்பவும் 0.24. பின்னால் குறையும் என்று பந்தயம் கட்டியிருந்தாள். நானும் உள்ளுக்குள் அப்படித்தான் நினைத்திருந்தேன். எங்கே போய் அப்படி நினைக்க ஆரம்பித்தோம் என்று யோசித்தேன். நான் சொன்ன தொட்டிப் படத்தில்தான். அதில் தண்ணீர் குழாயில் வந்து தீர்ந்துபோகிறது, திரும்பிப் போவதில்லை. உவமையில் நான் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றும் சேர்ந்து அவள் மனத்தில் உட்கார்ந்துவிட்டது. இதைத்தான் நான் முதலில் கவனிக்காமல் விட்டேன்.

ஒரு நோட்டில் இரண்டு பத்தி போட்டிருக்கிறோம். இடப்பக்கம் 'தண்ணீர் சொல்வது', வலப்பக்கம் 'மீட்டர் சொல்வது'. இரண்டும் ஒத்துவந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. ஒவ்வொரு வரியையும் அளப்பதற்கு முன்பே இடப்பக்கம் எழுதிவிட வேண்டும் என்று அவளே விதி வைத்தாள். அளந்த பிறகு எழுதினால் உவமை எதற்கும் பொருந்திவிடுமாம்.

எழில் | ஜூன் 9, இரவு 9:00

அந்த விதியை நான் என் மாணவர்களிடம் சொல்லப் போகிறேன். பெரிய ஆள் அவள்.

வேகமானி | ஜூன் 10, காலை 9:15

நோட்டில் ஒரு வரி என் கணக்கில் சேருங்கள்: டிரான்ஸ்ஃபார்மர். இரண்டு சுருள்கள், ஒன்றையொன்று தொடுவதில்லை, ஆனாலும் ஒன்றில் கரன்ட் மாறினால் மற்றதில் வருகிறது. ஒரு குழாய்க்குப் பக்கத்தில் இன்னொரு குழாயை வைத்தால் தண்ணீர் நகருமா? இரண்டு குழாயிலும் சக்கரம் வைத்து ஒரே அச்சில் இணைக்கலாம் என்று நினைத்தேன்.

ஆய்வகத்தார் | ஜூன் 10, இரவு 10:10

நல்ல முயற்சி. ஆனால் உங்கள் சக்கரம் சீராக ஓடும் தண்ணீருக்கும் சுற்றும். டிரான்ஸ்ஃபார்மரில் சீரான கரன்ட் எதையும் கடத்தாது, மாறும் கரன்ட்தான் கடத்தும். அச்சுக்குப் பதில், இரண்டு குழாய்க்கும் நடுவில் ரப்பர்ச் சவ்வு வைத்தால் மாற்றம் மட்டும் போகும். ஆனால் அது கெப்பாசிட்டர் மாதிரி ஆகிவிடுகிறது. காந்தப்புலத்துக்குத் தண்ணீரில் இணை எதையும் நான் கண்டதில்லை. இந்த இடத்தில் நான் உவமையைக் கீழே வைத்துவிட்டுச் சுருளையும் காந்தத்தையும் கையில் கொடுப்பேன்.

எழில் | ஜூன் 10, இரவு 10:48

நான் அவ்வளவு சீக்கிரம் கீழே வைக்க மாட்டேன். முறிகிற உவமையை ஒருமுறை முறிய விட்டுக் காட்டினால்தான் குழந்தைக்குக் காந்தப்புலம் என்று ஒன்று தனியாகத் தேவைப்படுகிறது என்பதே தெரியும். சக்கரத்தை முதலில் வரையச் சொல்லுங்கள், பிறகு பேட்டரியை இணைத்து ஏமாறச் சொல்லுங்கள்.

ஆய்வகத்தார் | ஜூன் 10, இரவு 11:05

ஏமாந்தது மனத்தில் நிற்கிறதா, சக்கரம் நிற்கிறதா என்பதுதான் என் பயம். ஐந்தாண்டு கழித்தும் சக்கரத்தையே வரைந்த மாணவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மோட்டார்காரர் | ஜூன் 12, காலை 11:30

மேலே பாதி எனக்குப் புரியவில்லை, ஆனால் ஒயரை மாற்றிவிட்டேன். 4 ஸ்கொயர் போட்டோம். எலக்ட்ரீஷியன் முன்பே மோட்டார் முனையில் அளந்து வைத்திருந்தார்: ஓடும்போது 12 வோல்ட் இழப்பு. இப்போது நான்கரை. முக்கல் இல்லை, தொட்டுப் பார்த்தால் சூடும் குறைவு. பழைய ஒயரை உரித்துப் பார்த்தேன், உள்ளே சின்னச் சின்னக் கம்பிகள்தான். நித்திலம் அம்மா, உங்கள் மகளுக்கு வேண்டுமென்றால் ஒரு துண்டு எடுத்து வைக்கிறேன்.